போஸ்டர் முன்னால் நின்று பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருத்தரங்கு நெருங்கும்போதெல்லாம் எங்கள் ஆய்வகத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஏறத்தாழ இதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். நான் வேலை செய்வது குடிநீர் வேதியியலில். எடுத்துக்காட்டும் அங்கிருந்துதான் வருகிறது. உங்கள் துறை வேறாக இருந்தால் தண்ணீரை எடுத்துவிட்டு உங்கள் சரக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் போஸ்டர்லயே எழுதியிருக்கே, அப்புறம் நான் எதுக்கு சார் பேசணும்?

வருகிறவர் அதைப் படிக்கப்போவதில்லை என்பதால். ஒரு கூடத்தில் அறுபது, எழுபது போஸ்டர் தொங்கும். கையில் தேநீர்க் கோப்பையும் தோளில் கருத்தரங்குப் பையுமாக மனிதர்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ஏ0 தாள் என்பது 841 மில்லிமீட்டர் அகலம், 1189 மில்லிமீட்டர் உயரம். அதில் எண்ணூறு சொல் எழுதியிருந்தால் நின்று படிக்க நான்கைந்து நிமிடம் ஆகும். முன்பின் தெரியாத ஒருவரின் போஸ்டருக்கு அவ்வளவு நேரம் யாரும் தருவதில்லை.

அதோடு, தாள் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீங்கள் அப்படி இருக்க வேண்டியதில்லை. எதிரே நிற்பவருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுக்க முடியும். நீங்கள் அங்கே நிற்பது அந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

எவ்வளவு நேரத்துக்குப் பேச்சு தயார் பண்ணிட்டுப் போகணும்? ரெண்டு நிமிஷமா, அஞ்சு நிமிஷமா?

ஒரு நீளத்துக்குத் தயார் செய்தாலே சிக்கல்தான். இரண்டு நிமிடப் பேச்சை மனப்பாடம் செய்தவர், இருபது நொடியில் கிளம்ப நினைப்பவரையும் இரண்டு நிமிடம் பிடித்து வைப்பார். பத்து நிமிடம் பேச விரும்பி வந்தவர், இரண்டு நிமிடம் முடிந்ததும் சரக்கு தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

நகரப் பேருந்து போல நினைத்துக்கொள்ளுங்கள். பாதை ஒன்றுதான். ஆனால் வழியில் நிறுத்தங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் கதவு திறக்கும். இறங்க வேண்டியவர் இறங்கலாம். முதல் நிறுத்தத்திலேயே இறங்கியவர்கூட ஒரு முழு விஷயத்தோடு போக வேண்டும். நான்கு நிறுத்தம் போதும். முதலாவது பதினைந்து இருபது நொடி, இரண்டாவது ஒரு நிமிடம், மூன்றாவது இன்னும் ஒன்றரை நிமிடம். நான்காவதற்கு அளவு கிடையாது, அங்கே பேச்சு உரையாடலாக மாறிவிடும்.

ஆரம்பிக்கறது எப்படி? "என் தலைப்பு வந்து..."ன்னு தொடங்கலாமா?

வேண்டாம். தலைப்பு அவர் கண்ணுக்கு முன்னால் பெரிய எழுத்தில் இருக்கிறது. முன்னுரையும் வேண்டாம். "இந்தியாவில் நிலத்தடி நீர் மாசு ஒரு முக்கியப் பிரச்சினை" என்று தொடங்கினால், கேட்பவர் கண் அடுத்த போஸ்டருக்குப் போய்விடும். கண்டுபிடித்ததை முதலில் சொல்லுங்கள்.

ஒரு போஸ்டரைக் கற்பனை செய்துகொள்வோம், இதில் வரும் ஆய்வு எண்களும் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவைதான். ஃபுளோரைடு அதிகமுள்ள ஒரு கிணறு; தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கடினப்பாறைப் பகுதிகளில் இந்தப் பிரச்சினை உண்டு, பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகத் தெரியும். வீட்டில் வைக்கும் வடிகட்டியில் மூன்று கிலோ ஆக்டிவேட்டட் அலுமினா போட்டு ஃபுளோரைடை எடுக்கிறார் மாணவர். காய்ச்சி வடித்த தண்ணீரில் சோடியம் ஃபுளோரைடு கலந்து ஆய்வகத்தில் ஓட்டினால் 3000 லிட்டர் தாங்குகிறது. அதே அளவு ஃபுளோரைடு உள்ள கிணற்றுத் தண்ணீரில் 1500 லிட்டரிலேயே தீர்ந்துபோகிறது. குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் என்றால், 150 நாள் வரவேண்டியது 75 நாள்தான் வருகிறது.

அவருடைய முதல் வாக்கியம் இப்படி இருக்கலாம்: "ஃபுளோரைடு வடிகட்டி ஆய்வகக் கணக்குப்படி ஐந்து மாதம் வரணும் சார், கிணற்றுத் தண்ணீரில் ரெண்டரை மாதத்தில் தீர்ந்துடுது. ஃபுளோரைடுக்கு நிறமோ சுவையோ கிடையாது, அதனால் தீர்ந்துபோனது வீட்டில் யாருக்கும் தெரியாது." இருபது நொடிகூட ஆகாது. இதோடு கிளம்புகிறவரும் வீட்டில் போய்ச் சொல்லக்கூடிய ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார்.

இதில் லாங்மியூர், ஃப்ராய்ண்ட்லிக் என்று சமன்பாட்டுப் பெயர் ஒன்றுமே வரவில்லை, பார்த்தீர்களா? அவை போஸ்டரில் இருக்கட்டும், வாயில் முதலில் வர வேண்டாம்.

சரி, அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல எப்படிப் போறது?

முதல் வாக்கியம் முடிந்ததும் வாயை மூடுங்கள். இரண்டு நொடி. இந்த இடைவெளிதான் கதவு. புதிதாக நிற்பவர்களுக்கு அது இரண்டு நிமிடம் மாதிரித் தெரியும், பயந்துபோய் அடுத்ததைக் கொட்டிவிடுவார்கள். கொட்டாதீர்கள். அவர் ஏதாவது கேட்டாலோ, கண் படத்துக்குப் போனாலோ அடுத்த நிறுத்தத்துக்குப் போகலாம்.

இரண்டாவது நிறுத்தம் ஒரே ஒரு படம். நம் மாணவருக்கு அது ஊடுருவல் வளைவு. படத்தைக் காட்டுமுன் அச்சுகளைச் சொல்ல வேண்டும், பலரும் விட்டுவிடும் படி இது. "கீழே போவது வடிகட்டி வழியாக ஓடிய லிட்டர். மேலே போவது வெளியே வரும் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு. இந்தப் புள்ளிக்கோடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாதபோது இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்சம். நீல வளைவு ஆய்வகத் தண்ணீர், 3000-இல் கோட்டைத் தாண்டுது. சிவப்பு கிணற்றுத் தண்ணீர், 1500-இலேயே தாண்டிடுது." மறுபடி நிறுத்துங்கள்.

மூன்றாவது, ஏன் என்பது. அலுமினாவின் மேற்பரப்பில் ஃபுளோரைடு ஒட்டும் இடங்கள் அளவானவை. நம் கிணற்றில் லிட்டருக்கு ஃபுளோரைடு 3.5 மில்லிகிராம், பைகார்பனேட் 400 மில்லிகிராம் என்று வையுங்கள். பைகார்பனேட்டின் பிடி பலவீனமானதுதான், ஆனால் எடைக்கணக்கில் நூறு மடங்குக்கு மேல் கூட்டமாக வந்து இருக்கையைப் பிடிக்கிறது. ஆய்வகத்தின் காய்ச்சி வடித்த தண்ணீரில் அந்தக் கூட்டமே இல்லை. நான்காவது நிறுத்தத்தில் வரம்புகளும் அடுத்து செய்யப்போவதும். காஸ்டிக் சோடாக் கரைசலில் கழுவி அலுமினாவை மீட்பது, துகள் அளவு, ஓட்ட வேகம் எல்லாம் வழியில் இல்லாத கிளைச்சாலைகள். கேட்டால் மட்டும் திரும்புங்கள்.

ஒருத்தருக்கு ஆர்வம் இருக்கா, சும்மா மரியாதைக்கு நிக்கிறாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

முகத்தை நம்பாதீர்கள். நம் ஊரில் மரியாதைக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சிரித்த முகத்தோடு தலையாட்டுவார்கள். கால்களைப் பாருங்கள். இரண்டு பாதமும் போஸ்டரைப் பார்த்திருந்தால் நிற்க வந்தவர். ஒரு பாதம் நடைபாதைப் பக்கம் திரும்பியிருந்தால் மனசு பாதி கிளம்பிவிட்டது.

அடுத்து "ம்ம்" எங்கே விழுகிறது என்று கேளுங்கள். சீரான இடைவெளியில், நீங்கள் எது சொன்னாலும் வந்தால் அது மரியாதை. வாக்கியத்தின் நடுவில், ஒரு எண் வந்த இடத்தில் வந்தால் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். படத்தை நோக்கிக் குனிந்து அச்சில் எழுதியிருப்பதைப் படிப்பது நல்ல அறிகுறி. எல்லாவற்றையும்விட நிச்சயமானது, நீங்கள் இன்னும் வந்து சேராத நிறுத்தத்தைப் பற்றி அவரே கேட்பது. "அப்போ கிணற்றுத் தண்ணீரில் வேறென்ன இருக்கு?" என்று இரண்டாவது நிறுத்தத்தில் கேட்டுவிட்டால் மூன்றாவதை அவரே திறந்துவிட்டார்.

"ரொம்ப நல்ல வேலை, தொடர்ந்து பண்ணுங்க" என்பது விடைபெறும் வாசகம். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அலுமினாவை மீட்பது பற்றிப் பேச ஆரம்பித்து, பாவம் அந்த மனிதரை இன்னும் ஐந்து நிமிடம் நிற்க வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். "நன்றி சார்" என்று ஒரு பக்கச் சுருக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வந்தவர் யாருன்னே தெரியல. "நீங்க என்ன துறை"ன்னு கேட்டா தப்பா எடுத்துப்பாங்களா?

எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் இருப்பதுதான் ஆபத்து. நான் ஸ்காலராக இருந்தபோது, ஒரு கருத்தரங்கில் எளிமையான பருத்திச் சட்டையோடு வந்து நின்ற பெரியவருக்கு ஃபுளோரைடு என்றால் என்ன, பற்களில் ஏன் கறை படிகிறது என்று ஆனா ஆவன்னாவிலிருந்து சொன்னேன். மூன்று நிமிடம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் "உங்க அலுமினாவோட மேற்பரப்பு மின்னூட்டம் எந்த பி.எச்.ல பூஜ்யம் ஆகுது?" என்றார். இப்படி மேற்பரப்பில் பொருள் ஒட்டிக்கொள்ளும் பரப்புக்கவர்ச்சியிலேயே வாழ்நாளைக் கழித்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவரிடம் நான் கற்றிருக்க வேண்டிய மூன்று நிமிடத்தை அவருக்கே பாடம் நடத்திச் செலவழித்துவிட்டேன்.

முதல் வாக்கியம் முடிந்த அந்த இரண்டு நொடிக்குப் பிறகு ஒரு சின்னக் கேள்வி போதும்: "நீங்க தண்ணீர்ப் பக்கம்தானா மேடம், இல்ல வேற துறையா?" நம் துறை என்றால் படத்துக்கு நேராகப் போய், அச்சு விளக்கத்தை ஒரே மூச்சில் முடித்து, வரம்புகளுக்கு வந்துவிடலாம். வேறு துறை என்றால் முழுப் பாதை. கழுத்தில் தொங்கும் அட்டையைக் கண்ணை இடுக்கிப் படிப்பதைவிட இது கௌரவமானது. அட்டையில் கல்லூரிப் பெயர் இருக்குமே தவிர, தெரிந்தது தெரியாதது இருக்காது.

பக்கத்துல வந்து அமைதியா படிச்சுட்டு நிக்கிறவங்களை என்ன பண்றது?

விடுங்கள். படிக்கட்டும். "சொல்லட்டுமா சார்?" என்று பாய்ந்தால் பாதிப் பேர் "இல்ல, சும்மா பாக்குறேன்" என்று நகர்ந்துவிடுவார்கள். துணிக்கடையில் நாமும் அப்படித்தானே செய்கிறோம்.

ஒரு வணக்கம், அப்புறம் பக்கவாட்டில் ஒரு அடி விலகி நில்லுங்கள். முப்பது நொடி தாண்டியும் நின்றால் அவர் கண் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அந்த இடத்திலிருந்தே தொடங்குங்கள்: "அந்தச் சிவப்பு வளைவு கிணற்றுத் தண்ணீர்." முதல் நிறுத்தத்தை அவர் தானே படித்துக் கடந்துவிட்டார்.

ஒருத்தருக்குப் பாதி சொல்லிட்டு இருக்கும்போது இன்னொருத்தர் வந்து சேர்ந்துட்டா?

கண்ணால் வரவேற்றுவிட்டு, நடந்துகொண்டிருக்கும் நிறுத்தத்தை முடியுங்கள். முதலில் வந்தவரை அந்தரத்தில் விட்டுவிட்டுப் புதியவருக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்குவது அவமரியாதை. நிறுத்தம் முடிந்ததும் முதல் வாக்கியத்தைப் பத்து நொடியில் சுருக்கிப் புதியவருக்குச் சொல்லுங்கள்: "ஐந்து மாதம் வரவேண்டிய வடிகட்டி ரெண்டரை மாதத்தில் தீர்ந்துடுது, அது ஏன்னு பேசிக்கிட்டிருந்தோம்." பழையவருக்கும் அது ஒரு மறுபார்வையாக அமையும், பாதியில் கழன்றுகொள்ள நினைத்திருந்தால் வாசலாகவும் அமையும்.

ஒரே நேரத்துல ஒரு ப்ரொஃபசரும் ஒரு பி.எஸ்ஸி. பொண்ணும் நின்னா யாரோட லெவல்ல பேசறது?

இளையவரின் அளவில், ஆனால் வேகமாக. அடிப்படையை இரண்டு வாக்கியத்தில் தெளிவாகக் கேட்பது எந்தப் பேராசிரியருக்கும் வலிக்காது; மூன்று நிமிடம் கேட்பதுதான் வலிக்கும். தலைகீழாகச் செய்தால், அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டு இனிமேல் எந்தப் போஸ்டர் பக்கமும் வர மாட்டாள்.

பேராசிரியர் நுணுக்கமாக ஒன்று கேட்டால், பதிலுக்கு முன் கேள்வியை ஒரு வரியில் மொழிபெயர்த்துவிடுங்கள். "தண்ணீர் அலுமினாவைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் எவ்வளவுன்னு சார் கேக்கறாங்க." இருவருக்கும் சேர்த்து ஒரே பதில். யோசிக்க உங்களுக்கும் மூன்று நொடி கிடைக்கும்.

எங்க நிக்கணும்? கையால காட்டறதா, குச்சியாலயா?

போஸ்டருக்குப் பக்கத்தில், முக்கியமான படம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம். அப்போதுதான் கை உடம்பைக் குறுக்கே தாண்டாமல், போஸ்டரை மறைக்காமல் படத்தைத் தொட முடியும். விரித்த கையால் காட்டுங்கள். லேசர் வேண்டாம், ஒரு கை தூரத்துக்கு அது எதற்கு. வழவழப்பான ஃபிளெக்ஸில் பட்டால் தெறித்து எதிரே நிற்பவர் கண்ணுக்கும் போகும்.

படத்தைத் தொட்டுவிட்டு உடனே முகத்தை அவர் பக்கம் திருப்புங்கள். போஸ்டரைப் பார்த்துக்கொண்டே பேசினால் நான் மேலே சொன்ன கால், கண், "ம்ம்" எதுவும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

தமிழ்ல பேசலாமா? இங்கிலீஷ்லதான் பேசணுமா?

அவர் எதில் பேசுகிறாரோ அதில். போஸ்டர் ஆங்கிலத்தில் இருப்பதால் பேச்சும் ஆங்கிலத்தில்தான் என்று ஒரு விதியும் இல்லை. ஆனால் தமிழில் சொல்ல வராது என்று பலர் தடுமாறுவதன் உண்மையான காரணம், ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருப்பது. "பிரேக்த்ரூ" என்ற சொல்லை எடுத்துவிட்டால் என்ன நடக்கிறதென்று சொல்லத் தெரியவில்லை என்றால், இரண்டாவது நிறுத்தம் உங்களுக்கே இன்னும் தெளியவில்லை. "வடிகட்டி நிரம்பிப்போய் ஃபுளோரைடு தாண்டி வர ஆரம்பிக்கும் இடம்" என்று ஒருமுறை சொல்லிப் பழகுங்கள். ஆங்கிலத்தில் சொல்வதும் தானாகச் சீராகிவிடும்.

ஜட்ஜ் வந்தா மட்டும் வேற மாதிரி பேசணுமா?

வரிசை அதேதான், இரண்டு நொடிக் கதவுகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நடுவர் கையில் மதிப்பெண் தாள் இருக்கும், பார்க்கவேண்டிய போஸ்டர்கள் வரிசையில் காத்திருக்கும், அவர் பாதியில் இறங்கப்போவதில்லை. "எவ்வளவு நேரம் எடுத்துக்கலாம் மேடம்?" என்று கேட்டுவிடுங்கள். மூன்று நிமிடம் என்றால் முதல் மூன்று நிறுத்தமும், நான்காவதிலிருந்து வரம்பு பற்றி ஒரே ஒரு வாக்கியமும்.

நடுவர்கள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இரண்டு வகை. இதில் நீங்களாகச் செய்தது எது, எத்தனை முறை செய்து பார்த்தீர்கள். இரண்டுக்கும் உண்மையான, குறுகிய பதில் தயாராக இருக்கட்டும். "மாதிரி எடுத்ததும் ஓட்டியதும் நான். ஃபுளோரைடு அளந்தது அயனி மின்வாயில், அதுவும் நான். ஒவ்வொரு ஓட்டமும் ரெண்டு முறை. கிணறு ஒன்றுதான்." அந்த "ஒன்றுதான்" என்பதை அவர் தோண்டி எடுக்குமுன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

பெரிய ஆள் ஒருத்தர் வந்து என் முடிவே தப்புன்னு சொன்னா என்ன பண்றது?

எது தப்பு என்கிறார் என்று பிரித்துப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டையே எடுப்போம். மூன்றாவது நிறுத்தத்தில் மாணவர் பைகார்பனேட் கூட்டத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறார். எதிரே இருப்பவர் கேட்கிறார்: "உங்க ஆய்வகத் தண்ணீர் பி.எச். என்ன?" "6 சார்." "கிணறு?" "8." "அப்போ வித்தியாசம் பைகார்பனேட்டால வந்ததா, பி.எச்.ஆல வந்ததா?"

கேள்வி நூறு சதவீதம் நியாயமானது. ஆக்டிவேட்டட் அலுமினா ஃபுளோரைடை நன்றாகப் பிடிப்பது பி.எச். ஐந்தரை, ஆறு வாக்கில். 8-க்குப் போகும்போது மேற்பரப்பின் நேர்மின்னூட்டம் குறைகிறது, ஹைட்ராக்சைடும் போட்டிக்கு வருகிறது. பைகார்பனேட்டே இல்லாவிட்டாலும் கொள்ளளவு இறங்கத்தான் செய்யும். இரண்டு காரணமும் ஒரே கிணற்றில் சேர்ந்து வந்திருக்கின்றன, மாணவர் பிரித்துப் பார்க்கவில்லை.

இங்கே வாதாடினால் போஸ்டர் முழுவதும் போய்விடும். ஒப்புக்கொண்டால் போவது மூன்றாவது நிறுத்தத்தில் பாதிதான். "பிரித்துப் பார்க்கலை சார். பைகார்பனேட் சேர்க்காம பி.எச்.ஐ மட்டும் 8-ல் நிறுத்தி ஒரு ஓட்டம், பி.எச். 6-ல் கிணற்றுத் தண்ணீர் ஒரு ஓட்டம், ரெண்டும் பண்ணினா தெரிஞ்சுடும், சரிதானே?" இரண்டாவது ஓட்டத்தில் அமிலம் சேர்க்கும்போது பைகார்பனேட்டின் ஒரு பங்கு கரியமில வாயுவாகப் போய்விடும் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆக, முதல் ஓட்டம்தான் உருப்படியானது. உங்கள் அடுத்த மாத வேலைத் திட்டத்தை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். வடிகட்டி 1500 லிட்டரில் தீர்ந்தது என்ற முதல் வாக்கியத்துக்கு ஒரு கீறலும் விழவில்லை. கண்டதை முதலிலும், காரணத்தை மூன்றாவதிலும் வைக்கச் சொன்னதன் பலன் இங்கேதான் தெரியும்.

பதிலே தெரியாத கேள்வி கேட்டா?

"தெரியல" என்று சொல்லுங்கள், ஆனால் எந்த வகைத் தெரியாமை என்பதையும் சேர்த்து. அளக்கவில்லையா, அளந்தும் புரியவில்லையா, அல்லது அந்தப் பக்கமே யோசிக்கவில்லையா? "சிலிக்கா அளக்கலை மேடம், மாதிரி இன்னும் இருக்கு, அளக்க முடியும்" என்பது மரியாதையான பதில். கேள்வியையும் அவர் மின்னஞ்சலையும் அவர் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போஸ்டரில் இருக்கிற ஏதோ ஒரு எண்ணைத் தொட்டு மழுப்புவதுதான் எடுபடாது.

ஒருத்தர் போகவே மாட்டேங்கறார். பின்னாடி ஆளுங்க நின்னு பாத்துட்டுப் போயிடறாங்க.

அவர் சொல்வது பயனுள்ளதாக இருந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ஒரு நல்ல உரையாடல் பத்து தலையாட்டல்களுக்குச் சமம். தன் கதையைச் சொல்பவராக இருந்தால், பின்னால் நிற்பவரைப் பேச்சுக்குள் இழுங்கள்: "சார் கிணற்று நீர் பத்திச் சொல்லிக்கிட்டிருக்காங்க, நீங்களும் அந்தப் பக்கமா?" பிறகு பத்து நொடிச் சுருக்கம், மேலே சொன்ன மாதிரியே. அதற்கும் அசையாவிட்டால் "தேநீர் இடைவேளையில் உங்களை வந்து பாக்கறேன் சார்" என்று நேரம் குறித்துவிடுங்கள். குறித்தால் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னும் வெளியிடாத விஷயம், பேட்டன்ட் போடப்போற விஷயம் எவ்வளவு சொல்லலாம்?

இதை நடைபாதையில் நின்று முடிவு செய்யாதீர்கள், கிளம்புமுன் கைடோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். விண்ணப்பிக்குமுன் பொது இடத்தில் வெளிப்படுத்தியது காப்புரிமைக்குத் தேவையான புதுமையைக் கெடுத்துவிடக்கூடும். வாயால் சொன்னதும் வெளிப்படுத்தியதுதான். ஆர்வமாகக் கேட்பவரிடம் உற்சாகத்தில் கலவை விகிதத்தை உளறிவிடுவது பெரும்பாலும் நான்காவது நிறுத்தத்தில்தான் நடக்கும். எது வெளியே போகக்கூடாதோ அதற்கு ஒரு வாக்கியம் முன்பே தயாராக இருக்கட்டும்: "அந்தப் பகுதி இன்னும் வேலையில் இருக்கு, இப்போ சொல்ல முடியாது." சொல்லிவிட்டுச் சிரித்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

வீட்டில் எப்படிப் பயிற்சி பண்றது? கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாக்கவா?

கண்ணாடி குறுக்கே பேசாது, அதனால் பயன் கொஞ்சம்தான். இரண்டு நண்பர்களைப் பிடியுங்கள், ஒருவர் வேறு துறையாக இருப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் அவர்கள் எந்த நொடியில் வேண்டுமானாலும் "சரி, நன்றி" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டும். நடந்தவரிடம் "என்ன எடுத்துட்டுப் போற?" என்று கேளுங்கள். இருபதாவது நொடியில் போனவர் "ஏதோ தண்ணீர் வடிகட்டி" என்றால் முதல் வாக்கியத்தைத் திருத்த வேண்டும். "ரெண்டரை மாதத்தில் தீர்ந்துடும், தெரியவும் தெரியாது" என்றால் அடுத்த நிறுத்தத்துக்குப் போகலாம்.

இன்னொரு பயிற்சி: படத்திலிருந்து தொடங்கி ஒருமுறை, காரணத்திலிருந்து ஒருமுறை, வரம்பிலிருந்து ஒருமுறை. உண்மையான கூடத்தில் யாரும் உங்கள் வரிசைப்படி வரமாட்டார்கள்.

இருபதாவது தடவை அதையே சொல்லும்போது எனக்கே அலுத்துப்போகுது சார், கேக்கறவங்களுக்கும் அது தெரியுதோ?

தெரியும். குரல் ஒப்பிக்கும் ராகத்துக்கு மாறிவிடும், இரண்டு நொடி நிறுத்தங்கள் காணாமல் போகும். தொண்டை காய்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும், அதனால் முதலில் தண்ணீர் குடியுங்கள்.

ஆனால் இருபதாவது தடவையும் அதையே சொல்கிறீர்கள் என்றால், நடுவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லையா, கேட்டதை நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லையா என்று எனக்குச் சந்தேகம் வரும். அந்த பி.எச். கேள்வி காலை பதினொரு மணிக்கு வந்தது என்று வையுங்கள். பதினொன்றே காலுக்கு வருகிறவரிடம் மூன்றாவது நிறுத்தத்தில் "பைகார்பனேட்டால்" என்று சொல்ல முடியாது. "பைகார்பனேட்டா, பி.எச்.ஸா, இன்னும் பிரிக்கலை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றுதான் சொல்ல முடியும். மதியத்துக்குள் அதற்கு நான்கைந்து பதில் சேர்ந்திருக்கும், சில ஒன்றுக்கொன்று முரணாகவும் இருக்கும். நோட்டைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.